டிஸ்பியூட் ஸ்டேட்டஸில் ‘Represented’ என்று வந்தால் தோற்றுவிட்டோமா?

கேள்வி: ஆன்லைனில் ஒரு ட்ரெட்மில் ஆர்டர் செய்து, மார்ச் 3 அன்று விசா கிரெடிட் கார்டில் ரூ. 38,400 கட்டினேன். மார்ச் 12-க்குள் வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. ஏப்ரல் 2 அன்று வங்கியில் புகார் கொடுத்தேன். 9-ஆம் தேதி முழுப் பணமும் கார்டில் வரவு வந்தது. சரி, முடிந்தது என்று இருந்துவிட்டேன். மே 8 அன்று திடீரென்று ஒரு மெயில்: ‘Merchant has represented the transaction. Temporary credit reversed. Submit rebuttal within 7 days.’ கூடவே, பொருளை டெலிவரி செய்துவிட்டதாக ஒரு கொரியர் தாள். கஸ்டமர் கேரில் ஒருவர் கேஸ் முடிந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் 90 நாள் ஆகும் என்கிறார். நான் தோற்றுவிட்டேனா? இந்தப் பணத்தை இந்த மாத பில்லில் கட்ட வேண்டுமா?
— வாசகி, கோவை

பதில்: தோற்கவில்லை. கெடு மே 15 என்பதால் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக உங்களுக்கு மெயிலில் முன்பே எழுதிவிட்டேன். ஏன், எதற்கு என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

டிஸ்பியூட் ஸ்டேட்டஸ் பார்க்கிற எல்லோரும் அதில் வெற்றியா தோல்வியா என்று தேடுகிறார்கள். எந்த வரியிலும் அது இருக்காது. அடுத்து பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைத்தான் ஒவ்வொரு ஸ்டேட்டஸும் சொல்கிறது. உங்கள் வங்கியா, கடைக்காரரின் வங்கியா, அல்லது நீங்களா? இந்த ஒன்றைப் பார்த்துப் படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஏப்ரல் 2-இல் இருந்து வருவோம். நீங்கள் புகார் கொடுத்ததும் ‘Registered’ அல்லது ‘Under Process’ என்று காட்டியிருக்கும். அந்த நேரத்தில் கேஸ் உங்கள் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. டிஸ்பியூட் படிவம் வந்ததா, ஆர்டர் ரசீது இருக்கிறதா, கடைக்காரரிடம் முதலில் கேட்டுப் பார்த்தீர்களா என்று உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு இது ஒரு வாரத்தில் முடிந்தது. பலருக்கு இங்கேதான் மாதக்கணக்கில் கிடக்கும். வங்கி படிவத்துக்குக் காத்திருக்கும், வாடிக்கையாளர் வங்கிக்குக் காத்திருப்பார், இரண்டு பேருக்கும் அது தெரியாது. ‘பொருள் வரவில்லை’ என்ற வகைப் புகாரை விசா வலைக்குள் ஏற்ற, வருவதாகச் சொன்ன கடைசித் தேதியிலிருந்து 120 நாள்தான். ‘Under Process’ என்று இருக்கிறதே என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. எனவே இரண்டு வாரம் தாண்டியும் அதே வரி இருந்தால், “சார்ஜ்பேக் எழுப்பிவிட்டீர்களா, எந்தத் தேதியில்?” என்று எழுத்தில் கேட்க வேண்டும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பது இதற்குப் பதில் ஆகாது, தேதி வேண்டும்.

ஏப்ரல் 9 அன்று சார்ஜ்பேக் எழுப்பப்பட்டது. அதாவது உங்கள் வங்கி விசா வழியாகக் கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. இந்த வகையில் பதில் சொல்ல எதிர்ப்பக்கத்துக்கு 30 நாள் அவகாசம். மாஸ்டர்கார்டு என்றால் 45 நாள். ரூபே கார்டுக்கு விதிகளும் கெடுக்களும் என்பிசிஐ வகுத்தவை, அவை தனி. இந்த 30 நாளும் கடைக்காரர் கைக்குக் கிடைக்காது. அவருடைய வங்கிக்கும் பேமெண்ட் கேட்வேக்கும் நேரம் வேண்டும் என்பதால் அவரிடம் ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஆவணம் கேட்பார்கள். சின்னக் கடைகள் பல பதிலே போடாமல் விட்டுவிடும். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் கேஸ் உங்கள் பக்கம் முடிந்துவிடும். உங்கள் கடைக்காரர் விடவில்லை. மே 6 அன்று, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால், அவருடைய பதில் வந்துவிட்டது என்று உங்கள் மெயிலின் இணைப்பில் இருக்கிறது.

ஏப்ரல் 9 அன்று உங்கள் கார்டில் வந்த பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கோர்ட்டில் கிடைக்கும் இடைக்காலத் தடை மாதிரி. கேஸ் நடக்கும்வரை நிலைமையை நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். அதன் பெயரிலேயே ‘டெம்பரரி’ இருக்கிறது, ஆனால் ஸ்டேட்மெண்டில் வரவு என்று பார்த்ததும் அந்தச் சொல் யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னொன்று, பொருள் வராத புகாருக்கு இந்த வரவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை, அது அவர்கள் வழக்கம். கட்டாயம் இருப்பது நீங்கள் செய்யாத, மோசடிப் பரிவர்த்தனைக்குத்தான். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். கஸ்டமர் கேரில் உங்களுக்குச் சொன்ன 90 நாள் அங்கேயிருந்து வந்திருக்கும். போனில் பேசுகிறவர் எல்லா டிஸ்பியூட்டுக்கும் அதையே வாசிக்கிறார். உங்கள் பணத்தை நீங்களேதான் கட்டினீர்கள், பொருள்தான் வரவில்லை. உங்கள் கணக்கு வேறு.

இப்போது மே 8 மெயிலுக்கு வருவோம். ‘Represented’ என்றால் கடைக்காரர் தரப்பு ஆவணத்தோடு மறுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவணம் சரிதான் என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. பணம் திரும்பக் கழிக்கப்பட்டதும் அதனால்தான், உங்கள் வாதத்தை யாரோ நிராகரித்ததால் அல்ல. இப்போது அடுத்த அடி உங்கள் வங்கி கையில். மே 6-இல் இருந்து 30 நாள், அதாவது ஜூன் 5-க்குள் அவர்கள் ப்ரீ-ஆர்பிட்ரேஷன் போட வேண்டும். விசாவின் தீர்ப்புக்குப் போகும் முன் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்பும் மறுப்புதான் அது. அதைப் போட, கடைக்காரரின் ஆவணத்தை வாடிக்கையாளரிடம் காட்டினோம், அவர் இன்னும் ஏன் மறுக்கிறார் என்ற விளக்கம் இது என்று விசாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் ஏழு நாளில் பதில் கேட்டது அதற்காகத்தான். மொத்தத்தில் உங்களுக்கு உண்மையான கெடு என்று இருப்பது இந்த ஏழு நாள்தான். பதில் போகாவிட்டால் வங்கி சத்தமில்லாமல் கேஸை மூடிவிடும், ஸ்டேட்டஸில் ‘Closed’ என்று வரும். ‘முடிந்துவிட்டது’ என்று உங்களிடம் சொன்னவர் டெம்பரரி கிரெடிட்டைத் திருப்பியதை மட்டும் திரையில் பார்த்திருக்கலாம்.

பதிலில் என்ன எழுதுவது? ‘எனக்குப் பொருள் வரவில்லை, இவர்கள் ஏமாற்றுக்காரர்கள்’ என்று இரண்டு பக்கம் கோபமாக எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் வாதாட வேண்டியது கடைக்காரரோடு இல்லை, அவர் கொடுத்த தாளோடு. நீங்கள் அனுப்பிய கொரியர் தாளை நிதானமாகப் பார்த்தேன். டெலிவரி தேதி மார்ச் 11. வாங்கியவர் என்ற இடத்தில் ‘Self’. கையெழுத்து இல்லை, போட்டோ இல்லை, முழு முகவரி இல்லை, பின்கோடு மட்டும் இருக்கிறது. பின்கோடு உங்களுடையதுதான், ஆனால் ஒரு பின்கோட்டுக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும். ஆர்டரில் ஒப்புக்கொண்ட முகவரிக்குப் பொருள் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும், இந்தத் தாள் அதைக் காட்டவில்லை.

அதைவிட வலுவான ஒன்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: எடை 1.2 கிலோ. கொரியர்காரர்கள் எடைக்குத்தான் காசு வாங்குகிறார்கள், அதனால் அந்தக் கட்டம் அநேகமாகக் காலியாக இருக்காது. கடைக்காரரின் சொந்த வலைப்பக்கத்திலேயே இந்த ட்ரெட்மில் பெட்டி 48 கிலோ, அளவு 160 × 75 × 30 செ.மீ. என்று போட்டிருக்கிறார். பெரிய பெட்டிகளுக்கு அளவை வைத்தும் எடை கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுப்பார்கள். இந்தப் பெட்டிக்கு அது 72 கிலோ வருகிறது. எப்படிப் பார்த்தாலும் 1.2 கிலோவில் ட்ரெட்மில் போகாது. இப்படிப் பெயருக்கு ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி டிராக்கிங் நம்பர் வாங்கிவைத்துக்கொள்வது ஒரு பழைய தந்திரம். உங்கள் பகுதியில் யாருக்கோ ஒரு செல்போன் கவர் போயிருக்கலாம். அதை நிரூபிக்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை, எடை பொருந்தவில்லை என்று காட்டினால் போதும்.

எனவே உங்கள் பதில் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்தத் தாளில் உள்ள டெலிவரி என் ஆர்டருடையது அல்ல, எடை இது, பொருளின் எடை இது, கையெழுத்தும் முகவரியும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். வலைப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து இணையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நிச்சயமில்லை. மார்ச் 14-லும் 20-லும் கடைக்காரருக்குப் போட்ட மெயில்களை இணையுங்கள். டெலிவரி ஆனதாகச் சொல்லப்படும் நாளுக்கு மூன்று நாள் கழித்து ‘எப்போது வரும்’ என்று நீங்கள் கேட்டதும், அவர் ‘ஸ்டாக் வரவேண்டும், பொறுங்கள்’ என்று பதில் போட்டதும் அவர் வாதத்தை அவரே உடைப்பதுதான். முடிந்தால் அந்தக் கொரியர் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டு, இந்த எண்ணில் போன பொட்டலம் எந்த முகவரிக்குப் போனது என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது, வரும்வரை காத்திருந்து ஏழு நாளைத் தவறவிட வேண்டாம்.

இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்கள் தேதிகளிலேயே சொல்கிறேன். வங்கி மே 20 வாக்கில் ப்ரீ-ஆர்பிட்ரேஷன் போட்டால், கடைக்காரரின் வங்கிக்கு ஜூன் 19 வரை நேரம். அவர்கள் ஒப்புக்கொண்டாலும் சரி, வாய் மூடி இருந்தாலும் சரி, பணம் உங்களுக்கு. மறுத்தால், அடுத்த பத்து நாளுக்குள், அதாவது ஜூன் கடைசிக்குள், உங்கள் வங்கி ஆர்பிட்ரேஷனுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். போனால் விசாவே இரண்டு பக்கத்துத் தாள்களையும் பார்த்து முடிவு சொல்லும். அது வாரக்கணக்கில் இழுக்கலாம். இடையில் புதுத் தாள் எதையும் நுழைக்க முடியாது, அதனால்தான் இப்போதைய பதிலில் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும் என்கிறேன். எல்லோரும் கடைசி நாள் வரை இழுத்தடித்தாலும், சார்ஜ்பேக் எழுப்பிய நாளிலிருந்து ஆர்பிட்ரேஷன் வாசல் வரை 30, 30, 30, 10 என்று நூறு நாள்தான். நடுவில் ‘Pre-arbitration’ என்ற ஒரே வரி ஒரு மாதம் அசையாமல் நிற்கும். பயப்பட வேண்டாம், எதிர்ப்பக்கத்தின் கெடு ஓடுகிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

ஆர்பிட்ரேஷனில் வாடிக்கையாளருக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே தோற்கிற வங்கி பணத்தோடு கட்டணமும் கட்ட வேண்டும், அது சில நூறு டாலர். உங்கள் 38,400 ரூபாயும் அதே அளவில்தான் இருக்கிறது. எனவே கேஸ் நல்ல கேஸாக இருந்தாலும், இந்தத் தொகைக்கு ஆர்பிட்ரேஷன் வேண்டாம் என்று உங்கள் வங்கி பின்வாங்கலாம். அதே பயம் எதிர்ப்பக்க வங்கிக்கும் உண்டு. அதனால் இந்த அளவுத் தொகைகளில் ப்ரீ-ஆர்பிட்ரேஷன்தான் நடைமுறையில் கடைசிக் களம். உங்கள் கையில் இருக்கிற எடைக் கணக்கு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அவர்கள்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் கடைக்காரர் போன் செய்வார். “டிஸ்பியூட்டை வாபஸ் வாங்கிடுங்க மேடம், இன்னிக்கே ரீஃபண்ட் போட்டுடறோம்” என்பார். வாபஸ் வாங்கிவிட்டால் அதே பரிவர்த்தனைக்கு மறுபடி எழுப்புவது அநேகமாக முடியாது. முதலில் ரீஃபண்ட் போடச் சொல்லுங்கள், போட்டாயிற்று என்றால் 23 இலக்க ஏ.ஆர்.என். நம்பரைக் கேளுங்கள். அந்த நம்பரை வைத்து உங்கள் வங்கியால் பணம் எங்கே இருக்கிறது என்று தேட முடியும். கார்டில் பணம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வாபஸ் வாங்கலாம். அப்படி வந்துவிட்டால் வங்கியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு வரவு நின்றால் ஒன்றை எப்படியும் பிடித்துக்கொள்வார்கள், எந்த பில்லில் என்று தெரியாமல் நீங்கள்தான் திணறுவீர்கள்.

பில் கேள்விக்கு வருகிறேன். கட்டிவிடுங்கள். மோசடி என்று புகார் செய்த தொகைக்குக் கேஸ் முடியும்வரை கட்டணம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுடையது அந்த வகை இல்லை. டெம்பரரி கிரெடிட் திரும்பியதும் 38,400 சாதாரண பாக்கியாகிவிடும். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடும் கார்டில் அதை அப்படியே விட்டால் ஒரு மாத வட்டி 1,344 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 242 ரூபாய். அது மட்டும் இல்லை, பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் அதற்குப் பிறகு வாங்குகிற மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கேஸ் வென்றால் 38,400 திரும்பி வரும், இந்த வட்டி தானாக வராது, தனியாகப் போராட வேண்டியிருக்கும். கட்டிவிட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், டிஸ்பியூட் அது பாட்டுக்கு நடக்கும். முழுதாகக் கட்ட உங்களால் முடியாத நிலை என்றால், கெடு தேதிக்கு முன்பே ‘இந்தத் தொகை டிஸ்பியூட்டில் இருக்கிறது, நிறுத்திவையுங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள், எழுத்தில் ‘சரி’ என்று வந்தால் மட்டும் நம்புங்கள். கிரெடிட் ஸ்கோரைப் பற்றி ஒரு பாதுகாப்பு உண்டு. டிஸ்பியூட்டில் இருக்கும் தொகையைக் கட்டவில்லை என்று கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்வதாக இருந்தால், டிஸ்பியூட் தீர்ந்த பிறகே சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, கட்டிவிட்டுத் தூங்குவது மலிவு.

கடைசியில் ஸ்டேட்டஸ் ‘Closed’ என்று வரும். இந்தச் சொல் எந்தப் பக்கமும் சாயாது. வென்றாலும் அதே சொல், தோற்றாலும் அதே சொல். ‘Resolved’ என்பதும் அப்படித்தான். ஆப்பில் அந்த வரியைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அடுத்த ஸ்டேட்மெண்டில் 38,400 நிரந்தர வரவாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எந்தக் காரணத்தால் மூடினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பில்லில் ஒரு தொகையை நீங்கள் மறுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவையான ஆவணமும் தர வேண்டியது வங்கியின் கடமை.

அந்த விளக்கம் வராவிட்டாலோ, வந்த விளக்கம் திருப்தி இல்லை என்றாலோ, வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆனதும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. வங்கி மறுத்து எழுதிவிட்டால் 30 நாள் காத்திருக்கக்கூட வேண்டாம். ஆனால் அங்கே என்ன கேட்பது என்பதில் கவனம் வேண்டும். ட்ரெட்மில் வந்ததா இல்லையா என்று அவர் கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்றுதான் பார்ப்பார். மே 15-க்குள் நீங்கள் பதில் அனுப்பியும் ஜூன் 5-க்குள் வங்கி ப்ரீ-ஆர்பிட்ரேஷன் போடாமல் விட்டிருந்தால், அது வங்கியின் குறை, அங்கே உங்கள் புகார் நிற்கும். அதற்காக, பதிலை மெயிலில் அனுப்பிய கையோடு ஆப்பிலும் ஏற்றி, வரும் ரெஃபரன்ஸ் நம்பரோடு தேதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 6 அன்று, “ப்ரீ-ஆர்பிட்ரேஷன் எந்தத் தேதியில் போட்டீர்கள்?” என்று ஒரு வரி மெயில் வங்கிக்குப் போடுங்கள்.